ஆக்டனாலில் இருந்து ஆக்டனால்டிஹைடு: கல்லூரி வேதியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஆல்கஹால் ஆக்சிஜனேற்றத்தைப் பாடநூல்கள் ஓர் அட்டவணையாகவே தருகின்றன: ஜோன்ஸ் கரைசல் என்றால் அமிலம், பி.சி.சி. என்றால் ஆல்டிஹைடு. காரணம் அதில் இல்லை. அந்தக் காரணம் நீர்.

ஜோன்ஸ் கரைசலில் குரோமிக் அமிலத்தோடு நீரும் இருக்கிறது. முதல்நிலை ஆல்கஹால் குரோமேட் எஸ்டராகி, ஆல்டிஹைடாக மாறுகிறது. அந்த ஆல்டிஹைடு நீரைச் சேர்த்து ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில் கொண்ட ஹைட்ரேட்டாகிறது. குரோமியத்துக்கு அதுவும் ஓர் ஆல்கஹால்தான்; மறுபடி ஆக்சிஜனேற்றி அமிலமாக்கிவிடுகிறது. உலர்ந்த டைகுளோரோமீத்தேனில் பி.சி.சி. போட்டால் ஹைட்ரேட் உண்டாக வழியில்லை, வினை ஆல்டிஹைடோடு நிற்கிறது. கரைப்பான் ஈரமாக இருந்தால் பி.சி.சி.யிலும் அமிலம் தலைகாட்டும்.

டைகுரோமேட்டைச் சொட்டுசொட்டாக விட்டு ஆல்டிஹைடை உடனுக்குடன் வடித்தெடுக்கும் பழைய உத்தி, 21 டிகிரியில் கொதிக்கும் அசிட்டால்டிஹைடுக்குச் சரி. 171 டிகிரியில் கொதிக்கும் ஆக்டனால்டிஹைடுக்கு அது உதவாது.

செய்முறை வகுப்பில் பி.சி.சி. வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை. 10 மில்லிமோல் 1-ஆக்டனாலுக்கு (1.30 கிராம்) வழக்கமான ஒன்றரை மடங்கில் 3.2 கிராம் பி.சி.சி. தேவை. அதில் ஏறத்தாழ 0.78 கிராம் குரோமியம் முழுவதும் கழிவுக்குப் போகிறது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. மிஞ்சும் கரிய பிசின் விளைபொருளையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பி.சி.சி.க்குப் பதிலாக, அதே 1.30 கிராமை 30 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரைத்து, வினையூக்கியாக 16 மில்லிகிராம் டெம்போவும், 2 மி.லி. நீரில் கரைத்த 0.12 கிராம் பொட்டாசியம் புரோமைடும் சேர்த்து, ஐஸ் தொட்டியில் வைத்து வேகமாகக் கலக்கச் சொல்லுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து பி.எச். 9.5-க்குக் கொண்டுவந்து, 11 மில்லிமோல் அளவு மட்டும் சொட்டாக விட வேண்டும். 0.7 மோலார் கரைசல் என்றால் அது சுமார் 16 மி.லி. வெப்பம் வெளிவரும் என்பதால் 10 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. பி.எச். குறைக்க அமிலம் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

இங்கும் நீர் இருக்கிறதே என்று மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆல்டிஹைடு பெரும்பாலும் கரிம அடுக்கிலேயே தங்கிவிடுவதால் ஹைட்ரேட் மிகக் குறைவு. அலிக்வாட் 336 போன்ற அடுக்குமாற்று வினையூக்கியும் கூடுதல் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்தால் இதே குடுவையில் அமிலம் கிடைக்கும். ஒரு வகுப்பில் இரண்டு குழுக்களாகச் செய்ய இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை.

பெரும்பாலும் தவறு நேர்வது ஹைப்போகுளோரைட்டின் வலிமையில்தான். புட்டியில் நாள்பட நாள்பட அது குறையும். அளவு போதாமல் ஆல்கஹால் மிஞ்சும். அதற்குப் பயந்து அதிகம் விட்டால் அமிலம் வரும். எனவே அன்றன்றே 1 மி.லி. எடுத்து, மிகையான பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து, 0.1 மோலார் தயோசல்ஃபேட்டால் தரம்பார்க்க வேண்டும். 14 மி.லி. செலவானால் 0.7 மோலார்.

முடிவை டி.எல்.சி. தகடே சொல்லும்: 2,4-டைநைட்ரோபினைல்ஹைட்ரசின் தெளித்தால் ஆல்டிஹைடு ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும், அமிலம் அடியில் இழுபட்டு நிற்கும்.

இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கஹால்களை மட்டும் இந்தச் செய்முறையில் சேர்க்காதீர்கள். ஹைப்போகுளோரைட் அந்தப் பிணைப்பையும் தாக்கக்கூடும். அல்லைல் ஆல்கஹால்களுக்கு மாங்கனீசு டைஆக்சைடு இருக்கிறது.

இப்படிக்கு,
கரிம வேதியியல் ஆய்வக ஆசிரியர்கள்