தண்டையார்பேட்டை மகளிர் குழுவுக்கு ஒரு மடல்: ஒரு வருஷ ஸ்டேட்மென்டைக் கொண்டு வாருங்கள்

குழுவில் இருக்கும் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும்,

நம் குழுவின் கணக்கு நோட்டை எழுதுகிறவள் என்ற முறையில் இதைக் கேட்கிறேன். ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வங்கிக் கணக்கின் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டைக் கொண்டு வாருங்கள். இரண்டு கணக்கு இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். பாஸ்புக் மட்டும் போதாது. பல மாதம் பதியாமல் விட்டால் சில வங்கிகளில் நடுவே உள்ள வரவு செலவைச் சேர்த்து ஒரே வரியாக அடித்துவிடுவார்கள்.

போன மாதம் காசிமேட்டில் மீன் விற்கும் நம் அக்கா ஒருவர், "மாசக் கடைசியில பணம் எங்க போகுதுன்னே தெரியல" என்று வருத்தப்பட்டார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். தானாகப் பிடிக்கிற பணம் மாதம் 697 ரூபாய் என்று அவர் நினைத்திருந்தார்: போன் ரீசார்ஜ் 299, படம் பார்க்கும் ஆப் 149, மகனின் படிப்பு ஆப் 249. பன்னிரண்டால் பெருக்கினால் 8,364.

ஸ்டேட்மென்டில் வந்த தொகை 9,575. ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒரு முறை என்பதால் வருஷத்தில் 13 தடவை போயிருந்தது. அது ஒரு 299. மீதி 912 ரூபாய் வருஷத்துக்கு ஒரே தடவை பிடிக்கிற காப்பீடு. பிரதமர் பெயரில் உள்ள இரண்டு திட்டங்கள்: ஆயுள் காப்பீடு 436, விபத்துக் காப்பீடு 20. ஸ்டேட்மென்டில் `PMJJBY`, `PMSBY` என்று இருக்கும். அக்காவுக்கு இரண்டு வங்கியில் கணக்கு. கணக்கு திறந்தபோது இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டதால் இரண்டிலும் 456 போயிருந்தது.

இரண்டு இடத்தில் கட்டினால் இரண்டு மடங்கு பணம் வரும் என்று அவர் நம்பியிருந்தார். வராது. ஒருவர் ஒரு கணக்கின் வழியாக மட்டுமே இந்தத் திட்டங்களில் சேரலாம். ஒவ்வொன்றிலும் கிடைப்பது அதிகபட்சம் 2 லட்சம்தான். இரண்டாவதாகக் கட்டிய பிரீமியம் போனது போனதுதான்.

அப்புறம் எது வீண் என்று பார்த்தோம். பணம் போனதைத்தான் ஸ்டேட்மென்ட் காட்டும், பயன்பட்டதா என்று வீட்டில்தான் கேட்க வேண்டும். பட ஆப்பை வருஷம் முழுக்க யாரும் திறக்கவே இல்லை, 1,788 ரூபாய். படிப்பு ஆப்பை மகன் நாலு மாதம் பார்த்தான், மீதி எட்டு மாதத்துக்கு 1,992. இரண்டாவது காப்பீடு 456. மொத்தம் 4,236, அதாவது நூற்றுக்கு 44 ரூபாய். முதல் காப்பீட்டை நான் வீணில் சேர்க்கவில்லை. காப்பீட்டுப் பணம் வாங்கும்படி எதுவும் நடக்கவில்லை என்பதால் அது வீணாகிவிடாது.

இதில் என்னை மிகவும் வருத்தியது பட ஆப்தான். ஏழு மாதம் முன்பே மகன் அதை போனிலிருந்து அழித்துவிட்டான், அதோடு நின்றுவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். ஆப்பை அழித்தால் பணம் பிடிக்க நாம் கொடுத்த அனுமதி அழியாது. முதலில் அந்த ஆப்பின் கணக்கில் போய் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். பிறகு பணம் அனுப்பும் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்பது விதி. அக்காவுக்கும் வந்திருந்தது, ஆனால் விளம்பர மெசேஜ்களுக்குள் புதைந்து கிடந்தது.

ஆட்டோபே பகுதியில் எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். `ACH` அல்லது `NACH` என்று தொடங்கும் வரிகள் வங்கிக் கணக்கிலேயே நேராகப் பதிந்தவை, அவற்றுக்குக் கிளையிலோ நெட்பேங்கிங்கிலோ கேட்க வேண்டும். கார்டு எண் கொடுத்துத் தொடங்கிய சந்தா தனி. சில வரிகளில் ஆப்பின் பெயருக்குப் பதில் நடுவில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அப்போது அதே தேதி, அதே தொகைக்கு வந்த மெசேஜைத் தேடினால் பெரும்பாலும் புரிந்துவிடும். வண்டிக் கடன், குழுக் கடன் தவணை வரியை மட்டும் தொடாதீர்கள். அனுமதியை நிறுத்தினாலும் கடன் நிற்காது, அபராதம் சேரும்.

கூட்டத்தில் இருவர் இருவராக உட்கார்ந்து பார்ப்போம். அடுத்தவர் கணக்கைப் பெரிய குரலில் படிக்க வேண்டாம். ஓடிபி, பின் எண் எதையும் யாரிடமும், என்னிடமும், சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காப்பீடுகளின் வருஷம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. பணம் பெரும்பாலும் மே கடைசியில் பிடிப்பார்கள். இரண்டு கணக்கில் கட்டுகிறவர்கள் அதற்குள் ஒரு கிளையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கணக்கில் எப்போதும் பணம் இருக்கிறதோ அதில் காப்பீட்டை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நிறுத்தும் கடிதத்தை நானே உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு நோட்டுக்காரி