குழுவுக்கு விதி எழுதும் நண்பனுக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது, சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏற முடிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்துச் செயலாளர் ஆனதோடு குடியிருப்போரின் வாட்ஸாப் குழுவுக்கு விதிகள் எழுதும் வேலையும் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், வரைவையும் அனுப்பியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். இருபத்திரண்டு விதிகள், ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அதை ஒருவரும் கடைசி வரை படிக்க மாட்டார்கள், முரளி. முக்கால்வாசி விதி 'கூடாது' என்று முடிகிறது. வரிசையாகக் கூடாது கூடாது என்று படிக்கிற மனிதருக்கு, அப்படியானால் என் வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால் நான் எங்கே, எப்படி எழுதுவது என்பது மட்டும் தெரிவதில்லை. எங்கள் கட்டடத்துக் குழுவைச் சில வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், விதியை மீறுகிறவர்களில் பெரும்பாலானோர் வம்புக்கு நிற்கிறவர்கள் இல்லை. எதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் இருக்கிற ஒரே இடத்தில் போட்டுவிடுகிறார்கள்.

அதனால் முதலில் இடத்தைப் பிரி. ஒரே குழுவில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நூறு விதி போட்டாலும் பயனில்லை. அறிவிப்புக்கு ஒரு குழு, பேச்சுக்கு ஒரு குழு. அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைப்பில் மாற்றிவிடலாம், மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, பழைய மேசை விற்பனைக்கு, நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா என்பதெல்லாம் பேச்சுக் குழுவில் நடக்கட்டும், அதைத் தடுக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் பலருக்கு அங்கேதான் தெரியவருகிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குழுக்களில் நிஜமான இழப்பு சண்டையால் வருவதில்லை, ஒலியை அணைத்து வைப்பதால் வருகிறது. தினமும் முப்பது நாற்பது செய்தி வந்தால் ஆள் ஒலியை நிரந்தரமாக அணைத்துவிடுவார். குழுவை விட்டுப் போக மாட்டார், அதனால் உனக்கு ஒன்றும் தெரியாது. நாளை காலை தொட்டி கழுவுகிறோம், தண்ணீர் வராது என்று நீ எழுதுவாய், அவர் தலையில் சோப்போடு குழாயைத் திறந்து பார்த்துவிட்டு உன் மேல் கோபப்படுவார். இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீ அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைப் பார்த்தால் யார் யார் படித்தார்கள், யாருக்குப் போய் மட்டும் சேர்ந்திருக்கிறது என்று காட்டும். படித்த அடையாளத்தை அணைத்து வைத்திருக்கிறவர்களின் பெயரும் குழுவில் தெரியும் என்பதால் இதை நம்பலாம். ஒரு நாள் கழித்தும் பாதிப் பேர் படிக்கவில்லை என்றால் குழு செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அறிவிப்புக் குழுவிலும் நீயே நாளுக்கு நாலு செய்தி போட்டால் இதே கதிதான், பார்த்துக்கொள்.

அறிவிப்பு எழுதும்போது முதல் வரியிலேயே எப்போது, எங்கே, என்ன என்பது வந்துவிட வேண்டும், பூட்டிய திரையில் அந்த ஒரு வரிதான் தெரியும். 'அன்பார்ந்த குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம், இதன் மூலம் தெரிவிப்பது என்னவென்றால்' என்று நீ ஆரம்பித்தால் வணக்கத்தோடு திரை முடிந்துவிடும். 'நாளை வியாழன் காலை 10 முதல் 1 வரை இரண்டாம் பிளாக்கில் தண்ணீர் வராது' என்று ஆரம்பி, வணக்கத்தைக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது புகாருக்கு வருகிறேன். குழு உடைவது பெரும்பாலும் இங்கேதான், உன் வரைவில் இதற்கு 'நாகரிகமாகப் பேசவும்' என்ற ஒரே வரிதான் இருக்கிறது. நாகரிகம் என்றால் என்ன என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு இருக்கும், அதை விதியாக வைத்து யாரையும் நிறுத்த முடியாது. எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரம், மேல் வீட்டிலிருந்து கசிகிறது. இரவு பதினொரு மணிக்குப் படத்தோடு எழுதினார்: 'சில பேருக்குப் பொறுப்பே கிடையாது, மாதக்கணக்காகச் சொல்கிறேன், சங்கம் தூங்குகிறது.' யார் என்று எழுதவில்லை, ஆனால் அவர் வீட்டுக்கு மேலே ஒரே ஒரு வீடுதானே. அந்த வீட்டுக்காரர் பதில் எழுதினார், இவர் மறுபதில் எழுதினார், மூன்றாமவர் 'எங்கள் வீட்டிலும்தான்' என்று சேர்ந்தார், நாலாமவர் கார் நிறுத்தத்தைக் கிளப்பினார். காலையில் எழுந்து பார்த்தால் கசிவைத் தவிர எல்லாம் பேசப்பட்டிருந்தது. எந்தக் குழாய், எப்போது கசிகிறது, யாராவது போய்ப் பார்த்தார்களா, ஒரு வரியில்கூட இல்லை.

அதன் பிறகு நாங்கள் வைத்த விதி இதுதான்: ஒரு வீட்டைப் பற்றிய புகார் குழுவுக்கு வராது, பொது இடத்தைப் பற்றிய புகார் மட்டும் வரலாம். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் என்றால் முதலில் நேரில் அல்லது தொலைபேசியில், சரிவரவில்லை என்றால் செயலாளருக்குத் தனியாக. பெயர் சொல்லாமல் 'சில பேர்' என்று எழுதுவதும் இதில் அடக்கம், அதையும் விதியில் வெளிப்படையாக எழுது, இல்லாவிட்டால் எல்லோரும் அந்த வழியில்தான் நுழைவார்கள். பொது இடத்துப் புகாருக்கு நாலு விஷயம் கேள்: எங்கே, என்ன, எப்போதிலிருந்து, ஒரு படம். 'இரண்டாம் மாடி லிஃப்ட் வாசலில் விளக்கு எரியவில்லை, நேற்று இரவிலிருந்து.' அவ்வளவுதான். படத்தில் ஆள் முகமும் வண்டி எண்ணும் வேண்டாம்.

ஆனால் முரளி, இந்த விதி நிற்பதும் விழுவதும் உன் கையில் இருக்கிறது. புகார் எழுதினவருக்குப் பதில் வராவிட்டால் அவர் மறுநாள் இன்னும் சத்தமாக எழுதுவார், அதில் தப்பே இல்லை. எனவே விதியிலேயே சங்கத்தின் கடமையையும் எழுதிவிடு: ஒரு நாளுக்குள் பதில் வரும். 'பார்த்தேன், எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறார்' என்று ஒரு வரி, வேலை முடிந்ததும் அதே செய்திக்குக் கீழே 'முடிந்தது' என்று ஒரு வரி. இந்த இரண்டாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முடித்த வேலையையும் சொல்லாமல் விட்டால் அடுத்தடுத்து நாலு பேர் 'என்ன ஆச்சு' என்று கேட்பார்கள், நீ அதைத் தொல்லை என்று நினைப்பாய்.

விதிகளின் வாசகத்தை நான் இப்படி எழுதுவேன், பிடித்தால் எடுத்துக்கொள், உங்கள் கட்டடத்துக்கு ஏற்ப மாற்று:

'அறிவிப்புக் குழுவின் ஒலியைத் தயவுசெய்து அணைக்க வேண்டாம், அவசியமானது மட்டுமே அங்கே வரும். மற்ற எல்லாம் பேச்சுக் குழுவில். பொது இடத்துப் புகாரை எங்கே, என்ன, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள், ஒரு நாளுக்குள் பதில் சொல்வோம். இன்னொரு வீட்டைப் பற்றிய புகாரைச் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை பிறர் தூங்கட்டும். தீ, மின்கசிவு, லிஃப்டில் ஆள் மாட்டியது என்றால் எழுதாதீர்கள், உடனே அழையுங்கள், எண்கள் குழு விவரத்தில் உள்ளன.'

கடைசி வரியை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதே. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் குழுவில் எழுதிவிட்டுக் காத்திருப்பதும், நாற்பது பேர் படித்துவிட்டு யாராவது போயிருப்பார்கள் என்று இருந்துவிடுவதும் நடக்கக்கூடியது.

இதைக் குழுவின் விவரப் பகுதியில் வை, புதிதாகக் குடிவருகிறவருக்குச் சேர்க்கும்போதே தனியாக அனுப்பு. செய்தியாகப் போட்டால் மேலே போய் மறைந்துவிடும், பின் செய்து வைத்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான். யாராவது வீட்டைக் காலி செய்தால் அன்றே அவர் எண்ணை நீக்கு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மீறுகிறவர்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். குழுவில் வைத்துக் கண்டிக்காதே. தனியாக ஒரு செய்தி, எல்லோருக்கும் ஒரே வாசகம்: 'இதைப் பேச்சுக் குழுவுக்கு மாற்றிவிடுகிறீர்களா?' நிர்வாகியாக நீயே அழிக்கலாம், ஆனால் நிர்வாகி அழித்தார் என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும், மனிதருக்கு அது சுருக்கென்று இருக்கும். அவரே அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது, எனவே முதலில் அவரைக் கேள். திட்டோ, யாருடைய குழந்தையின் படமோ, பாக்கி வைத்தவர்களின் பட்டியலோ வந்தால் மட்டும் காத்திராமல் அழித்துவிட்டுக் காரணத்தைச் சொல். அப்புறம், முதலில் மீறப் போவது உன் தலைவராக இருக்கலாம், பெரியவர் காலையில் நாலு பார்வர்டு அனுப்புகிற பழக்கமுள்ளவர் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கும் அதே வாசகத்தை அனுப்பு. அவரை விட்டுவிட்டு மற்றவரைக் கேட்டால் அன்றோடு விதி தீர்ந்தது. ஒருவரை நீக்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் பேச்சுக் குழுவிலிருந்து மட்டும் நீக்கு, அறிவிப்புக் குழுவில் அவர் இருக்கட்டும். தண்ணீர் நிற்கும் நாள் அவருக்கும் தெரிய வேண்டும் இல்லையா.

இன்னொன்று, முக்கியமான முடிவுகளைக் குழு வாக்கெடுப்பில் எடுக்காதே. கூட்டத் தேதி எது வசதி என்று கேட்க அது போதும். செலவு, வண்டி நிறுத்தும் இடம் போன்றவற்றுக்குக் கூட்டம்தான். ஒரே வீட்டில் மூன்று பேர் குழுவில் இருப்பார்கள், தனியாக இருக்கிற பாட்டி இருக்கவே மாட்டார். அவர் மாதிரி உள்ளவர்களுக்காக அறிவிப்பை ஒரு தாளில் அச்சிட்டு லிஃப்ட் பக்கத்துப் பலகையிலும் ஒட்டச் சொல்.

வரைவைச் சுருக்கியதும் எனக்கு அனுப்பு, கூட்டத்துக்கு முன்னால் படித்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்