செம்மணி வெளியும் பன்னிரண்டு செக்கன்களும்

கொக்குவில், யாழ்ப்பாணம்.
2024 மாசி 18

அன்புள்ள ரவீந்திரன்,

உமது கடிதமும் நமது சித்திரக்கதையின் கடைசிப் பக்கங்களின் ஸ்கான் பிரதிகளும் கிடைத்தன. அம்மா நலமாக இருக்கிறார். முழங்கால் நோவைப் பொருட்படுத்தாமல் முற்றத்தில் ஒடியல் காயவைத்துக் காகம் கலைத்துக்கொண்டிருக்கிறார். தம்பியின் மூத்த மகள் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். மற்ற ஊர்ப் புதினங்களைத் தொலைபேசியில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பதினொன்றாம் பக்கத்தில் பக்கத்தின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு நீர் வரைந்திருக்கும் செம்மணி வெளிக் கட்டம்தான் அது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்கிற சனம்.

நமது சித்திரக்கதையை அசையும் படமாக்குவதில் மற்றக் கட்டங்கள் பெரிதாகத் தொல்லை தரவில்லை. இந்தக் கட்டத்தோடு மட்டும் ஐந்து கிழமை இருந்தேன். அதில் கற்றுக்கொண்டதை நீர் அடுத்த அத்தியாயத்தை வரையத் தொடங்குமுன் உமக்குத் தெரிவிக்க வேண்டும். ஏனென்றால் என்னுடைய சிக்கல்களில் பாதி, கணினியில் அல்ல, உமது மேசையில்தான் தீர்க்கப்படக்கூடியவை.

உமது கட்டம் 26 சென்ரிமீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. 600 டிபிஐயில் அது ஆறாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பிக்சல் அகலமாக வருகிறது. அதைப் பாதியாகக் குறைத்தபோது 3,072 பிக்சல் அகலம் கிடைத்தது. நமது காணொளியின் அகலமோ 1,920 பிக்சல். ஆகவே கமரா கட்டத்தின் இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை போக 1,152 பிக்சல் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை எத்தனை செக்கனில் கடப்பது என்பதுதான் முதற் கேள்வி.

முதலில் 4 செக்கன் கொடுத்துப் பார்த்தேன். செக்கனுக்கு 24 பிரேம் என்பதால் ஒவ்வொரு பிரேமுக்கும் படம் 12 பிக்சல் தாவியது. சைக்கிள் கம்பிகளும் தந்திக் கம்பங்களும் இரட்டையாகத் தெரிந்து கண்ணை உறுத்தின. சனத்தைப் பார்க்க முடியவில்லை, படம் ஓடுவதைத்தான் பார்க்க முடிந்தது. பிறகு மனம் மாறி 20 செக்கனாக நீட்டினேன். உறுத்தல் போயிற்று, ஆனால் வானத்தில் நீர் பொறுமையாக இழுத்திருந்த குறுக்குக் கோடுகள் எல்லாம் எறும்பு ஊர்வது போல மினுங்கத் தொடங்கின. காரணம் பிடிபட இரண்டு நாள் சென்றது. 20 செக்கனில் ஒரு பிரேமுக்கு 2.4 பிக்சல் வருகிறது. மெல்லிய மைக்கோடு ஒரு பிரேமில் பிக்சலின் மேல் சரியாக விழுகிறது, அடுத்ததில் இரண்டு பிக்சல்களுக்கு நடுவே விழுந்து மங்குகிறது, பிறகு மீண்டும் கூர்மையாகிறது. அந்த மாறிமாறி வருதலைத்தான் கண் மினுக்கமாகக் காண்கிறது. பிரேமுக்கு முழு எண்ணாக 4 பிக்சல் என்று வைத்தவுடன் மினுக்கம் அடங்கிவிட்டது. அந்தக் கணக்குக்கு 12 செக்கன் தேவை. தொடக்கத்திலும் முடிவிலும் அரைச் செக்கன் மெதுவாக வேகம் எடுத்து மெதுவாக நிற்கவிட்டிருப்பதால் மொத்தம் பன்னிரண்டரைச் செக்கன் வருகிறது. அந்த இரு முனைகளிலும் மினுக்கம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கண் அதைப் பிடிப்பதற்குள் கடந்துவிடுகிறது.

இரண்டாவது காரியம் அடுக்குகள். புகையிரதத்தில் கொடிகாமம் போகும்போது தண்டவாளத்து வேலி பாய்ந்து ஓடுவதையும் தூரத்துப் பனைகள் நம்மோடு கூடவே வருவதையும் சிறுவயதில் யன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்திருக்கிறோம் அல்லவா? அதைத்தான் செய்ய வேண்டும். கட்டத்தை நான்காக வெட்டினேன். முன்னால் சைக்கிளைத் தள்ளும் மனிதரும் தலையில் பொட்டலம் வைத்த கிழவியும், நடுவே நெருக்கமான சனம், அதற்குப் பின்னால் வண்டில்களும் நிழலுருவாகத் தெரியும் கூட்டமும், கடைசியில் வானம். உண்மையான தூரக் கணக்கின்படி பார்த்தால், 2 மீற்றரில் இருக்கும் சைக்கிள் 4 மீற்றரில் இருக்கும் சனத்தைவிட இரு மடங்கு வேகமாக ஓட வேண்டும். 12 மீற்றரில் இருக்கும் வண்டில் சனத்தின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட வேண்டும். நான் அப்படியே செய்தேன். அங்கேதான் படம் கிழிந்தது.

நடு அடுக்கு 1,152 பிக்சல் நகரும்போது பின் அடுக்கு 384 மட்டுமே நகர்ந்தால், இரண்டுக்கும் இடையே 768 பிக்சல் வித்தியாசம் விழுகிறது. உமது படத்தில் ஓர் ஆள் ஏறத்தாழ 200 பிக்சல் அகலம். அதாவது ஓர் ஆள் விலகி, அவர் பின்னால் இருந்த இடம் முழுவதும் வெளியே தெரிந்து, அதற்கு மேலும் போகிறது. பின்னால் நீர் எதையும் வரையவில்லை, வரைவதற்குக் காரணமும் இருக்கவில்லை. அங்கே வெள்ளைத் தாள்தான் இருந்தது. நான் வெட்டிய இடமெல்லாம் ஆள் வடிவத்தில் வெள்ளை ஓட்டைகளாகக் கூட்டத்துக்குள் திறந்தன. அந்த இரவில் தொலைந்துபோனவர்களை நினைத்துக்கொண்டு சிறிது நேரம் அதைப் பார்த்தபடியே இருந்தேன். பிறகு மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் உண்மையான தூரத்தை விட்டுக்கொடுக்கத் தீர்மானித்தேன். முன் அடுக்குக்குப் பிரேமுக்கு 5 பிக்சல், நடுவுக்கு 4, பின்னுக்கு 3, வானத்துக்கு 1. எல்லாம் முழு எண்கள், ஆகவே மினுக்கம் இல்லை. அடுத்தடுத்த சன அடுக்குகளுக்கிடையே வித்தியாசம் 288 பிக்சலாகச் சுருங்கியது. அதையும் பாதியாக்க ஒரு வழி இருந்தது. பயணத்தின் தொடக்கத்தில் அடுக்குகளைப் பொருத்தாமல் நட்டநடுவில் பொருத்தினேன். கமரா கட்டத்தின் மையத்தை அடையும் கணத்தில் படம் நீர் வரைந்தபடியே அச்சொட்டாக இருக்கும். அதற்கு முன் 144 பிக்சல் ஒரு பக்கம் விலகியிருக்கும், பின் 144 மறுபக்கம் விலகும். தாளில் அது 1.2 சென்ரிமீற்றர். அவ்வளவு இடத்தை உமது கோட்டைப் பார்த்துப் பார்த்து கிரீட்டா வரைமென்பொருளில் நானே நிரப்பினேன். என் கை உமது கை அல்ல என்பது எனக்குத் தெரிகிறது, உமக்கும் தெரியும்.

ஆட்களின் கால்களையும் அசைத்துப் பார்த்தேன். இறப்பர் பொம்மை நடப்பது போல இருந்தது. அழித்துவிட்டேன். வரைந்த மனிதர் வரைந்தபடியே நிற்கட்டும், நகர்வது பார்ப்பவரின் கண்ணாக இருக்கட்டும் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை.

மழைதான் நான் எதிர்பாராத தொல்லை. நீர் மழையைச் சனத்தின் மேலேயே மையால் கீறியிருக்கிறீர். தாளில் அது மிக அழகு. ஆனால் அடுக்கு நகரும்போது அந்த மழைக் கோடுகளும் ஆட்களோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. அதன் மேல் நான் விழவைத்த மழை வேறாகவும், உறைந்த மழை வேறாகவும் தெரிந்தது. ஒவ்வொரு கோடாக அழித்து, கீழே கோடு அறுந்த முகங்களையும் சேலை மடிப்புகளையும் ஒட்டவைக்க ஆறு இரவுகள் எடுத்தன.

இனி ஒலி. மார்கழி மழையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பதிவுசெய்ததைப் போட்டபோது அது மழையாகவே கேட்கவில்லை, தாச்சியில் வடை பொரிவது போலக் கேட்டது. தனியே கேட்கும் மழைக்கு இந்தக் குறை எப்போதும் உண்டு, ஏனென்றால் ஆயிரம் துளிகள் சேர்ந்தால் வெறும் இரைச்சல்தான். அதோடு எங்கள் தகரக் கூரையின் சத்தமும் அதற்குள் இருந்தது, செம்மணி வெளியிலோ கூரை ஏது? அடுத்த மழைக்குத் தோட்டத்தின் நடுவே குடையோடு போய், வெறும் மண்ணில் விழும் மழையை ஒரு பதிவாகவும், சைக்கிள் கரியரில் கட்டிய பொலித்தீனில் விழும் தனித்தனித் துளிகளை இன்னொரு பதிவாகவும் எடுத்தேன். முதலாவதைத் தாழ்த்திப் பின்னால் வைத்து, இரண்டாவதை முன் அடுக்கோடு சேர்த்தபோது இரைச்சல் மழையாயிற்று. படத்துக்கு நான்கு அடுக்கு என்றால் ஒலிக்கும் அடுக்கு வேண்டும், கிட்டே இருப்பதற்குக் கிட்டிய சத்தம் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சைக்கிளின் சில்லுச் சத்தத்தை அப்பாவின் பழைய ரலியில் எடுத்தேன். கொட்டிலுக்குள் நிற்கிற அதைச் சேற்றில் தள்ளிக்கொண்டு போக, தம்பியின் மகள் பதிவுக் கருவியைச் செயினுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். படத்தில் சைக்கிள் இரண்டாவது செக்கனில்தான் வலது ஓரத்தில் தலைகாட்டுகிறது. சத்தத்தை அதற்கு ஒரு செக்கன் முன்னதாகவே வலது காதில் மெல்லத் தொடங்கி, அது இடது பக்கம் நகர நகர ஒலியையும் கூடவே நகர்த்தினேன். சத்தம் முந்தி வருவதால், சைக்கிள் தெரியும் போது நாம் அதற்காகக் காத்திருந்தவர்களாகிறோம். அன்றிரவு ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா குசினியிலிருந்து எழுந்து வந்து, "அப்பான்ர சைக்கிளை ஆர் எடுத்தது? செயின் கவர் தட்டுது" என்று கேட்டார்.

அடுத்த அத்தியாயத்துக்கு உம்மிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். அகலமான கட்டங்களில் பின்னணியை ஆட்களே இல்லாத முழுப் படமாக ஒரு தாளில் வரைந்து, ஆட்களை வேறு தாளில் வரையும். இரு தாளிலும் நான்கு மூலைகளில் ஒரே இடத்தில் சிலுவைக் குறி இட்டால் நான் இங்கே பொருத்திக்கொள்வேன். முன்னால் நிற்பவர்களைக் கட்டத்தின் ஓரத்தோடு வெட்டாமல் இருபுறமும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வெளியே நீட்டி வரையும், ஏனென்றால் முன் அடுக்கு ஓடும் தூரத்துக்குத் தாள் போதாமல் போகிறது. மழை, புகை, தூசி எதுவானாலும் தனித் தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று. முன்னால் வரும் சைக்கிளின் லைட்டில் ஒரு சிறு ஒளிவட்டம் வரைந்திருக்கிறீர். அந்த இரவில் உமது வீட்டார் எங்களுக்கு முன்னால் போனார்கள், எனக்கு மழையும் அம்மாவின் சேலைத் தலைப்பும்தான் நினைவில் நிற்கின்றன. உமது மாமா தள்ளிவந்த சைக்கிளில் டைனமோ போட்டிருந்தாரா? போட்டிருந்தால் அது சில்லில் உரசும் சத்தமும் அங்கே இருந்திருக்க வேண்டும், நான் இன்னும் அதை வைக்கவில்லை. நினைவிருந்தால் எழுதும்.

அன்புடன்,
சிவநேசன்