ஏரிக்கரைக்கு ஆள் தேடும் நோட்டீஸ்

சத்துவாச்சாரி, வேலூர்
மாசி 5

அன்புள்ள சாந்தி,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த நோட்டீஸும் வந்து சேர்ந்தன. பேத்திக்குப் பல் முளைத்த சேதியை இவரிடம் படித்துக் காட்டினேன், சந்தோஷப்பட்டார். இங்கே எல்லோரும் நலம். மாசி பிறந்ததுமே வெயில் ஏறிவிட்டது, பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. குடியாத்தத்திலும் அப்படித்தான் இருக்கும். ஐப்பசி மழையில் நீங்கள் ஏரிக்கரை ஓரம் வைத்த கன்றுகளுக்கு இனி யாராவது ஊற்றினால்தான் தண்ணீர். அதனால் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உன் நோட்டீஸைத்தான் முதலில் எடுத்தேன்.

“இயற்கை ஆர்வலர்களே! நம் ஏரியைக் காப்போம். வருங்காலத் தலைமுறைக்குப் பசுமையை விட்டுச் செல்வோம். விருப்பமுள்ளோர் கைகோக்க வாரீர்” என்று எழுதி, கீழே மூன்று போன் நம்பர் கொடுத்திருக்கிறாய். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு நாளைக் காலையில் எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போது வீடு திரும்பலாம் என்பது எதுவும் தெரியாது. உங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இத்தனை பீடி, இத்தனை ரூபாய் என்று கணக்கு உண்டு. தறி ஓட்டுகிறவருக்கும் அதே கணக்கு. எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லாமல் கூப்பிட்டால் “பார்க்கலாம்” என்பார்கள். மனசு இல்லாமல் சொல்வது அல்ல அது. ஒப்புக்கொண்டு நாள் முழுக்க மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான்.

போன வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரு குழு இதே மாதிரி நோட்டீஸ் ஒட்டியது. முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். இருந்தது நாலு மண்வெட்டி. முக்கால்வாசிப் பேர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் ஏற்பாடு செய்தவர்களைத் தவிர யாரும் வரவில்லை. வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கென்று அங்கே ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அதனால் நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து வேலையைப் பிரிக்க வேண்டும். நீ எழுதியிருப்பதில் “ஏரியைக் காப்பது” என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேலைகள் கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது ஒன்று. பாத்தியைச் சரிசெய்து, சருகு போட்டு மூடாக்கு வைப்பது ஒன்று. ஆடு கடிக்காமல் முள் வேலி கட்டுவது ஒன்று. சீமைக் கருவேலம் எடுப்பது வேறு வேலை. அதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பெயர்க்க வேண்டும், அதற்கு ஆள்பலமும் மிஷினும் தேவை. இதைத் தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் தலையில் கட்டாதே. இந்த நோட்டீஸில் கருவேலத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இப்போது அவசரம் தண்ணீர். அதற்கு மட்டும் ஆள் கேள்.

அப்புறம் நேரம். பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது நாம் இரண்டு பேரும் வாளி தூக்கிப் பார்த்தோமே, அதை வைத்தே கணக்குப் போட்டேன். உயிரோடு இருப்பவை 96 கன்று. கன்றுக்கு ஒரு வாளி, அதாவது 10 லிட்டர். மொத்தம் 960 லிட்டர். பம்புசெட்டுக்காரர் கொடுத்திருக்கும் சிமெண்ட் தொட்டி ஆயிரத்துக்கு மேல் பிடிக்கும் என்றாய், அப்படியானால் ஒரு தடவை நிரப்பினால் போதும். ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு 16 கன்று, இரண்டு கையிலும் வாளி எடுத்தால் எட்டு நடை. தொட்டிக்குப் பக்கத்துக் கன்றுக்கு மூன்று நிமிடம் போதும், மதகுப் பக்கம் இருக்கும் கடைசிக் கன்றுகளுக்கு ஏழு நிமிடம் ஆகிறது. சராசரி ஐந்து என்று வைத்தால் 40 நிமிடம். மெதுவாக ஊற்ற வேண்டும், அவசரமாகக் கவிழ்த்தால் தண்ணீர் பாத்தியைத் தாண்டிச் சரிவில் ஓடிவிடுகிறது. கொஞ்சம் மூச்சு வாங்கவும் நேரம் விட்டால் ஒரு மணி நேரம். “ஒரு மணி நேரம்” என்று எழுதினால் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட வேண்டும். முதல் வாரமே ஒன்றரை மணி ஆனால், நோட்டீஸில் உள்ள மற்ற எதையும் அதற்குப் பிறகு நம்ப மாட்டார்கள்.

தொட்டி எப்போது நிரம்பும் என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள். விவசாய மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் எந்த நேரம் வருகிறதோ அதைப் பொறுத்துதான் எல்லாம். முந்தின நாளே நிரப்பி வைத்துவிட்டால், ஆறு பேர் வந்து காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

பலன் என்று நீ எழுதியிருந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “நிலத்தடி நீர் உயரும், ஏரி நிரம்பும்” என்று போட்டிருக்கிறாய். ஏரி நிரம்புவது மழையையும் வரத்துக் கால்வாயையும் பொறுத்தது. நாம் தண்ணீர் ஊற்றும் 96 கன்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வந்தவர்கள் அடுத்த வருஷம் காய்ந்த ஏரியைப் பார்த்தால் நம் உழைப்பு வீண் என்று நினைப்பார்கள். அவர்கள் கையால் நடப்பதை மட்டும் சொல். கன்று பிழைக்கிறது. அதை எண்ண முடியும், அவர்கள் கண்ணாலேயே பார்க்க முடியும். தொட்டிச் சுவரில் சுண்ணாம்பு அடித்து, “நட்டது 100, இன்று உயிரோடு இருப்பது இத்தனை” என்று மாதா மாதம் எழுது. குறைந்தாலும் எழுது. எண்ணும்போது இலை உதிர்ந்து நிற்கும் கன்றைச் செத்ததாக எழுதிவிடக் கூடாது. தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா பார்க்கச் சொல். பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீரை நிறுத்த வேண்டாம். செத்தது என்றால் ஏன் என்று பக்கத்திலேயே ஒரு வார்த்தை: ஆடு, கரையான், தண்ணீர் எட்டவில்லை. மதகுப் பக்கத்துக் கன்றுகளே தொடர்ந்து போகின்றன என்றால், தூரம் என்று யாரோ அரை வாளி ஊற்றுகிறார்கள் என்று புரிந்துவிடும். அந்த வரிசையை முதலில் ஊற்றும்படி மாற்றிவிடலாம்.

சரி, இப்படி எழுதிப் பார்த்தேன். வேண்டியதைத் திருத்திக்கொள்.

“ஏரிக்கரை ஓரம் 96 புங்கன், வேப்பங்கன்றுகள் இருக்கின்றன. ஆடி மழை வரை தண்ணீர் ஊற்ற 12 பேர் வேண்டும். வாரத்தில் ஒரே ஒரு காலை, ஒரு மணி நேரம்.

செவ்வாய்க்கு 6 பேர், சனிக்கு 6 பேர். உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள். காலை 6 மணிக்குத் தொட்டியருகே வந்தால் 7 மணிக்குக் கிளம்பிவிடலாம். ஒருவருக்கு 16 கன்று, கன்றுக்கு ஒரு வாளி. வாளியும் தண்ணீரும் அங்கேயே இருக்கும். முள் உண்டு, தடித்த செருப்பு போட்டு வாருங்கள். முதல் நாள் கூடவே ஒருவர் நடந்து காட்டுவார்.

வாளி தூக்க முடியாதவர்களுக்கு: மாதம் இரண்டு முறை கன்றுகளை எண்ணி நோட்டில் குறிக்க ஒருவர் வேண்டும், அரை மணி நேரம். முந்தின இரவு ஆறு பேருக்கும் போன் செய்து நினைவூட்ட ஒருவர் வேண்டும், பத்து நிமிடம்.

நட்டது 100, இன்று உயிரோடு 96. மாதா மாதம் கணக்கு தொட்டிச் சுவரில் இருக்கும். ஒன்றிய அலுவலக அனுமதி பெற்ற வேலை. பெயர் கொடுக்க, மாலை 6 முதல் 8 வரை சாந்தியைக் கூப்பிடுங்கள்.”

ஒரே நம்பர் போதும். மூன்று நம்பர் இருந்தால் ஒருவர் எடுப்பார் என்று மற்றவர் விட்டுவிடுவார்கள், யார் யாரிடம் என்ன சொன்னோம் என்பதும் குழம்பும். அனுமதி வரியை எடுத்துவிடாதே. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்குக் குறைவான ஏரிகள் ஒன்றியத்தின் பொறுப்பு. உங்கள் ஏரி அதில்தான் வரும் என்றாய், கடிதமும் வாங்கி வைத்திருக்கிறாய். கரைமேல் வைக்காமல் வெளிப்பக்கம் சமதரையில்தான் வைத்திருக்கிறோம் என்பதையும் யாராவது கேட்டால் சொல். கரைமேல் மரம் வேர்விட்டால் கரை பலவீனமாகும் என்று ஊரில் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு பேருக்கு மேல் பெயர் கொடுத்தால் எல்லோரையும் வரச் சொல்லிவிடாதே. உனக்கு அப்படிச் சொல்லத்தான் தோன்றும், உன்னை எனக்குத் தெரியாதா. மீதிப் பேரை மாற்று ஆளாக எழுதி வைத்துக்கொண்டு, யாராவது வர முடியாதபோது கூப்பிடு. பன்னிரண்டு சேரவில்லை, எட்டுதான் என்றால் நாளுக்கு நாலு பேர். அப்போது ஆளுக்கு 24 கன்று, ஒரு மணி என்று எழுத முடியாது, ஒன்றரை என்று மாற்றிச் சொல்லி ஒப்புதல் கேள்.

நாள் குறிக்கும்போது இரண்டு விஷயம் பார். பங்குனியில் பிளஸ் டூ பரீட்சை, பிள்ளைகளும் அம்மாமார்களும் வர மாட்டார்கள். சித்திரையில் பள்ளி விட்டதும் அவர்களே அதிகம் கிடைப்பார்கள். ஆனால் வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்த வாரம் குடியாத்தத்தில் யாரும் ஏரிப் பக்கம் திரும்ப மாட்டார்கள், வெயிலும் உச்சத்தில் இருக்கும். அந்த வாரத்துக்கு மட்டும் காசு கொடுத்து ஒரு டிராக்டர் டேங்கரை இப்போதே சொல்லி வை. பிறகு தேடினால் கிடைக்காது.

நோட்டீஸை ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டு. பீடிக் கம்பெனிக்கு இலை வாங்க வருகிற இடத்திலும் ஒன்று. எழுத்து பெரிதாக இருக்கட்டும், “ஒரு மணி நேரம்” என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

சிரசுக்கு நான் வருகிறேன், உன் வீட்டில்தான் தங்குவேன். அதற்குள் சுவரில் எத்தனை என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் தெரிவி. முட்டி வலிக்கு அந்த எண்ணெயைத் தேய்க்கிறாயா? நீ வாளி தூக்காதே, போன் செய்கிற வேலையை எடுத்துக்கொள்.

அன்புடன்,
கலா