சில்வண்டு மண்ணுக்குள் தூங்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மாணவர் பகுதியில் சில்வண்டு பற்றி வந்த சிறு கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட விஷயங்களைத் தமிழில் தருவது நல்ல காரியம். ஆனால் அதில் இரண்டு செய்திகள் தவறு. சில்வண்டு 17 ஆண்டுகள் மண்ணுக்குள் தூங்கிவிட்டு எழுந்து வருகிறது என்பது ஒன்று. இறக்கைகளை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்புகிறது என்பது மற்றொன்று. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். பெண் சில்வண்டு மெல்லிய கிளைகளைக் கீறி அதற்குள் முட்டை வைக்கும். சில வாரங்களில் பொரிந்து வரும் இளம்பூச்சி எறும்பளவுதான் இருக்கும். அது கீழே விழுந்து, மண்ணைத் தோண்டி உள்ளே போய், ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சத் தொடங்குகிறது. அன்று முதல் வெளியே வரும்வரை அங்கே நடப்பது தீனிதான். நான்கு முறை தோலுரித்து வளர்கிறது, வேர் காய்ந்தால் வேறு வேர் தேடுகிறது, வளை தோண்டுகிறது. இதில் தூக்கம் எங்கே வந்தது?

அப்படியானால் வளர ஏன் இத்தனை ஆண்டுகள்? காரணம் அது குடிக்கும் சாறு. பால் மரம் சீவியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பால் ஓடுவது பட்டையில். இலையில் உண்டான சர்க்கரைச் சாறு இறங்கி வருவதும் பட்டையின் உட்புறத்தில்தான். கத்தி அதையும் தாண்டி உள்ளே மரத்தில் பட்டுவிட்டால் மரம் காயப்பட்டது என்று தண்டலிடம் திட்டு விழும் அல்லவா, அந்த உள்மரத்தில்தான் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறுகிறது. சில்வண்டு தன் ஊசி வாயைச் செலுத்துவது அந்தத் தண்ணீர்க் குழாய்களுக்குள். அதில் இருப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர், கொஞ்சம் உப்புகள், மிகச் சிறிதளவு அமினோ அமிலங்கள். சத்தான சர்க்கரைச் சாற்றை விட்டுவிட்டு இந்தப் பூச்சி கஞ்சித் தெளிவைக் குடித்தே வளர்கிறது.

அதைக் குடிப்பதும் லேசான வேலை இல்லை. உச்சியில் இலைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்தக் குழாய்களில் சாறு இழுவிசையில் நிற்கிறது. துளை போட்டால் தானாகப் பீறிட்டு வராது, அந்த இழுப்பை மீறி உறிஞ்ச வேண்டும். சில்வண்டின் முகம் முன்பக்கம் உப்பி, வரிவரியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உறிஞ்சும் தசைகள் அங்கேதான் அடைந்திருக்கின்றன. சாற்றில் கிடைக்காத அமினோ அமிலங்களை அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்து தருகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் சல்சியா. தாய் தன் முட்டை வழியாகவே இவற்றைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிடுகிறது. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கிறது.

17 ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். உலகில் 3,000 இனங்களுக்கு மேல் சில்வண்டுகள் உண்டு. அவற்றில் 13 அல்லது 17 ஆண்டுகள் கழித்துக் கூட்டமாக மேலே வருபவை வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் மேஜிசிகாடா என்ற ஒரு பேரினத்தைச் சேர்ந்த ஏழே இனங்கள். 2024இல் அங்கே 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் ஒரே பருவத்தில் வெளிவந்தன. அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல். உங்கள் கட்டுரை அதைப் படித்துவிட்டு எழுதப்பட்டது போலிருக்கிறது. மற்ற இனங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளே மண்ணுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் ஒரு பகுதி வளர்ந்து முடிந்து மேலே வந்துவிடும், மற்றவை உள்ளேயே இருக்கும். நம் பக்கம் ஆண்டுதோறும் சத்தம் கேட்பது அதனால்தான்.

அமெரிக்கச் சில்வண்டு இருட்டுக்குள் இருந்துகொண்டு ஆண்டுகளை எப்படி எண்ணுகிறது என்ற கேள்விக்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பனும் அவருடைய சகாக்களும், 17 ஆண்டு இனத்தின் 15 வயது இளம்பூச்சிகளை எடுத்துப் பீச் மர வேர்களில் விட்டார்கள். சில மரங்களை மட்டும் ஒரே ஆண்டில் இரண்டு முறை பூக்கும்படி செய்தார்கள். அந்த மரங்களின் வேரில் இருந்த பூச்சிகள் ஓராண்டு முந்தியே வெளியே வந்துவிட்டன. 2000ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியானது. மரம் துளிர்த்துப் பூக்கும்போது வேர்ச் சாற்றின் தன்மை மாறும். பூச்சி எண்ணுவது அந்த மாற்றங்களை, நாட்காட்டியை இல்லை. மரம் இரண்டு சுற்று ஓடினால் அதன் கணக்கில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. 15 எண்ணியதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பது தனிக் கதை.

வளர்ச்சி முடிந்ததும் இளம்பூச்சி மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரை வளை தோண்டிக் காத்திருக்கும். தன் கழிவு நீரால் மண்ணைக் குழைத்துச் சுவரைப் பூசிக்கொள்ளும். மண் அதிகம் ஈரமாக உள்ள இடங்களில் சில இனங்கள் தரைக்கு மேலே களிமண் குழல் ஒன்றையும் எழுப்பும். மழைக்காலத்தில் மர நிழலில் விரல் பருமனில் இப்படி ஏதாவது நின்றால் மண்புழு வேலை என்று மிதித்துவிட வேண்டாம். பிறகு பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து மரத்தில் ஏறி, முதுகு பிளந்து, கடைசித் தோலைக் கழற்றுகிறது. அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிற வெற்றுக்கூட்டை எடுத்துப் பிளவுக்குள் பாருங்கள், வெள்ளை நூல்கள் சில தொங்கும். அவை மூச்சுக் குழாய்களின் உள் உறை. தோலோடு அதுவும் கழன்று வந்துவிடுகிறது. இப்படி இறக்கை முளைத்து வந்த பிறகு அதற்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

அந்தச் சில வாரங்களில் ஆண் செய்யும் முக்கியமான வேலை கத்துவது. இறக்கையை உரசுவது சுவர்க்கோழி. சில்வண்டின் கருவி வேறு. ஆணின் வயிற்றின் தொடக்கத்தில், இரு பக்கமும், வெளியே உப்பிய சவ்வு ஒவ்வொன்று இருக்கிறது. டிம்பல் என்பார்கள். அதில் வரிசையாகக் கெட்டியான விலா போன்ற கோடுகள். உள்ளிருந்து ஒரு பெரிய தசை அதைப் பிடித்து இழுக்கும்போது சவ்வு உள்ளே மடங்கி 'டிக்' என்கிறது. தசை தளர்ந்ததும் பழைய நிலைக்குத் துள்ளுகிறது. பிஸ்கட் டின் மூடியை நடுவில் அமுக்கி விட்டால் வருமே, அதே கதை. ஆனால் இங்கே விலாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மடங்குவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகின்றன, ஒவ்வொன்றும் ஒரு டிக். அவை சீராக அடுத்தடுத்து வருவதால் ஒலி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுவாகின்றன.

ஆஸ்திரேலியாவின் பச்சை நிறச் சில்வண்டு ஒன்றை டேவிட் யங், ஹென்றி பென்னட்-கிளார்க் என்ற இருவர் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். அந்தப் பூச்சியில் ஒவ்வொரு டிம்பலும் வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 120 தடவை மடங்குகிறது. வலதும் இடதும் மாறி மாறி வேலை செய்வதால் நம் காதுக்கு அது இரட்டிப்பு. இத்தனை வேகத்தில் தனித்தனி டிக் கேட்காது, ஒரே இரைச்சல்தான் கேட்கும். இலங்கைச் சில்வண்டுகளை ஆராய்ந்த பிரிங்கிள் 1954இல் இன்னொன்றைக் காட்டினார். சில இனங்களில் நரம்பு ஒரு முறை கட்டளை கொடுத்தால் போதும், தசை தானாகவே பல முறை துடிக்கிறது.

டிக் மட்டும் இருந்தால் இவ்வளவு தூரம் கேட்காது. ஆணின் வயிற்றில் குடல் முதலான உறுப்புகள் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, நடுவில் பெரும்பகுதி காற்றுப் பைதான். டிம்பலின் துடிப்பும் அந்தக் காற்றின் இயல்பான அதிர்வும் பொருந்திப்போகும்போது ஒலி பெருகுகிறது. அது வெளியேறும் வழிதான் எனக்கு மிகப் பிடித்த செய்தி. வயிற்றின் அடியில் இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. அவை பூச்சியின் செவிப்பறைகள். யங் அளந்து பார்த்தபோது ஒலியின் பெரும்பகுதி அந்தச் செவிப்பறைகள் வழியாகவே வெளியே போவது தெரிந்தது. கேட்கும் காதே ஒலிபெருக்கியாகவும் இருக்கிறது! கத்தும்போது வயிற்றைச் சற்றுத் தூக்கிக்கொள்வது, அந்தப் பறைகளை மூடியிருக்கும் மடல்களுக்கும் வயிற்றுக்கும் நடுவே வழி விடுவதற்காக. ஒரு மீட்டர் தூரத்தில் இது 100 டெசிபலை நெருங்குகிறது.

பெண்ணுக்கு டிம்பல் கிடையாது. அது கேட்டுவிட்டுத் தேடி வரும். சில இனங்களில் ஆணின் பாட்டு முடிகிற நொடியில் இறக்கையைச் சொடுக்கிப் பதில் சொல்லும்.

சரி, இத்தனை இனங்களும் ஒரே காட்டில் கத்தினால் பெண் தன் ஆளை எப்படிக் கண்டுபிடிக்கும்? இதற்கு விடை நம் பேராக்கிலேயே கிடைத்தது. உலு பேராக்கின் தெமெங்கோர் காட்டில் மத்தியா கோகலாவும் கிளாவுஸ் ரீடேவும் ஒலிப்பதிவு செய்து 1995இல் வெளியிட்டார்கள். இனங்கள் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று காட்டினார்கள். ஒன்று பகலில், ஒன்று அந்தி மங்கும் சில நிமிடங்களில், இப்படி. சுங்கை சிப்புட்டில் லயத்துப் பெரியவர்கள் ஆறு மணிப் பூச்சி என்று சொல்வது அந்த அந்தி நேரத்து ஆசாமியைத்தான். இருட்டும் வேளையில் ஊதுகொம்பு மாதிரி இழுத்துக் கத்துபவை மெகாபொம்போனியா வகையில் உண்டு. இறக்கை விரித்தால் 20 செ.மீ. வரும், உலகின் பெரிய சில்வண்டுகள் அவைதான். வெளிச்சத்தின் அளவை வைத்துத்தான் இவை தொடங்குகின்றன, அதனால் மேகமூட்டமான நாளில் சற்று முந்திக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

மாணவர்கள் இதைத் தாங்களே சரிபார்க்கலாம், ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. விளக்கடியில் விழும் சில்வண்டை மெதுவாகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். மார்புக்குக் கீழே பெரிய மடல்கள் இரண்டு இருந்து, வயிற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிபோல் தெரிந்தால் அது ஆண், பிடித்ததும் கிறீச்சிடும். வயிறு கனமாக இருந்து, நுனி கூராக முடிந்து, பிடித்தாலும் சத்தமே போடாவிட்டால் பெண். ஆணின் இறக்கைகளை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டாலும் சத்தம் நிற்காது. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இந்தச் சோதனையையும் சேர்த்துப் போட்டால் நல்லது. பார்த்த பிறகு பூச்சியை மரத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.