மூளை "ஒளிர்ந்தது" என்று தலைப்புப் போடும் அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு

வணக்கம்.

சில மாதங்களுக்கு ஒருமுறை உங்கள் பக்கத்தில் அந்தப் படம் வந்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் ஒரு மூளை, நடுவே ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு திட்டு, மேலே "காதலிக்கும்போது ஒளிரும் மூளைப் பகுதி" என்று தலைப்பு. காதல் இல்லாவிட்டால் பொய், பொய் இல்லாவிட்டால் பக்தி, அதுவும் இல்லாவிட்டால் பிரியாணி. மூளை வேலை செய்யும்போதே காந்தத்தால் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனின் தரவை அலசிப் பிழைப்பு நடத்துகிறவன் நான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, உங்களுக்கு வரும் செய்திக்குறிப்பே அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் திட்டு என்ன, அதிலிருந்து எதுவரை பேசலாம் என்பதை ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில், அங்கே எதுவும் ஒளிர்வதில்லை. அந்த இயந்திரம் நியூரான்களைப் பார்ப்பதும் இல்லை. அது பார்ப்பது ரத்தத்தை, அதிலும் ஹீமோகுளோபினை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்குக் கொஞ்சம் காந்தத் தன்மை உண்டு, ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்போது அது கிடையாது. இதை 1936-லேயே பாலிங், கோர்யல் என்ற வேதியியலாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். காந்தத் தன்மை உள்ள ரத்தம் அக்கம்பக்கத்துக் காந்தப்புலத்தைக் கலைப்பதால் அங்கிருந்து வரும் எம்.ஆர்.ஐ சிக்னல் சற்றே மங்கும். 1990-ல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா இந்த மங்கலையே ஒரு அளவுகோலாக மாற்றினார். அதைத்தான் நாங்கள் போல்ட் சிக்னல் என்கிறோம்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால் ஆக்சிஜன் செலவாகும், அப்படியானால் சிக்னல் இன்னும் மங்கத்தானே வேண்டும்? நடப்பது நேர்மாறு. 1980-களில் ஃபாக்ஸும் ரெய்க்கிளும் அளந்து பார்த்தபோது, ஒரு காட்சியைக் காட்டினால், பார்வையைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணிக்கு வரும் ரத்தம் ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவோ 5 சதவீதம்தான் கூடியது. பந்தியில் சாப்பிடுகிறவர் ஒரு கரண்டி கேட்டால் பத்துக் கரண்டி கொட்டிவிட்டுப் போகிற கதைதான். தேவைக்கு மேல் ஆக்சிஜன் வந்து குவிவதால் அந்தக் காந்தத் தன்மையுள்ள ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது, சிக்னல் ஏறுகிறது. ஆக, நாங்கள் அளப்பது இலையில் மிஞ்சிக் கிடப்பதை. அதை வைத்து அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று கணிக்கிறோம், அப்புறம் ஏன் பசித்தது என்றும் கணிக்கிறோம். ரத்தத்திலிருந்து நியூரானுக்கு ஒரு தாவல், நியூரானிலிருந்து மனசுக்கு இன்னொரு தாவல்.

முதல் தாவலே சுலபமில்லை. நியூரான் ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் தன் வேலையை முடித்துவிடும். ரத்தம் ஒன்றிரண்டு விநாடி கழித்துக் கிளம்பி, ஐந்தாறு விநாடியில் உச்சத்துக்குப் போய், அடங்குவதற்கு இருபது விநாடி வரைகூட எடுத்துக்கொள்ளும். போன் அடிக்கிறது, திடுக்கிடுகிறீர்கள், யாருடையது என்று பார்க்கிறீர்கள், உங்களுடையது இல்லை என்று தெரிந்து நிம்மதியாகிறீர்கள். இத்தனையும் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடுவதால், ரத்தத்தின் கணக்கில் எல்லாம் சேர்ந்து ஒரே மேடுதான். அந்த மேட்டின் உயரமும் பெரும்பாலும் ஒரு சதவீதம், அல்லது அதற்கும் கீழே. நாங்கள் வாக்ஸல் என்று சொல்லும் மூன்று மில்லிமீட்டர் கட்டம் ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கில் நியூரான்கள் இருக்கின்றன, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்.

அந்த எண் எதைப் பிரதிபலிக்கிறது என்பதற்கு நல்ல விடை 2001-ல் வந்தது. நிகோஸ் லோகோதெட்டிஸ் குழு குரங்குகளின் பார்வைப் புறணியில் மின்முனையைச் செருகிக்கொண்டே, அதே நேரத்தில் ஸ்கேனும் எடுத்தது. நியூரான்கள் வெளியே அனுப்பும் துடிப்புகளைவிட, அந்த இடத்துக்குள் வந்து சேரும் சேதிகளும் உள்ளூர்க் கொடுக்கல் வாங்கலும் சேர்ந்து உண்டாக்கும் மெதுவான மின்னலைகளோடுதான் போல்ட் கூடுதலாக ஒத்துப்போனது. அதாவது, ஒரு திட்டு தெரிந்தால் அந்தப் பகுதிக்குத் தபால் நிறைய வந்திருக்கிறது என்று சொல்லலாம், அது பதில் போட்டதா என்று சொல்ல முடியாது. தூண்டுகிற வேலையா, அடக்குகிற வேலையா என்பதையும் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, ரத்தக் குழாய்க்கும் சொந்த விவகாரங்கள் உண்டு. காபி குடித்தாலே மூளையின் ரத்த ஓட்டம் குறையும். வயதானால் குழாய் விறைக்கும். நான் வேலை பழகிய இடத்தில் முதியவர்களையும் இளைஞர்களையும் ஒப்பிட்டு, ஞாபகப் பணியில் முதியவர்களின் மூளை குறைவாக இயங்குகிறது என்று படமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தோம். ஒரு சீனியர் அக்கா, "எல்லோரையும் ஸ்கேனரில் பதினைந்து விநாடி மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றார். மூச்சைப் பிடித்தால் கரியமில வாயு ஏறும், குழாய்கள் விரியும், சிந்தனைக்கு அங்கே பெரிய வேலையில்லை. அந்த மூச்சுப் பரிசோதனையிலும் முதியவர்களின் சிக்னல் அதே மாதிரி குறைவாகத்தான் ஏறியது. அதைக் கழித்துப் பார்த்தபோது எங்கள் கண்டுபிடிப்பில் பெரும்பகுதி காணாமல் போனது. ஞாபகத்தை அளக்கிறோம் என்று நினைத்து நாங்கள் குழாயை அளந்திருந்தோம்.

சரி, முதல் தாவலைத் தாண்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது தாவலில் தடுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம். 2011 செப்டம்பர் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு கட்டுரை போட்டது. எழுதியவர் மார்ட்டின் லிண்ட்ஸ்ட்ராம், விளம்பர ஆலோசகர். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் பதினாறு பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ஐபோன் ஒலித்து அதிர்வதைக் காட்டியும் கேட்கவைத்தும் பார்த்தார்கள். இன்சுலா என்ற பகுதியில் செயல்பாடு தெரிந்தது. இன்சுலா அன்போடும் கருணையோடும் தொடர்புடையது, ஆகவே இவர்கள் தங்கள் போனை நிஜமாகவே காதலிக்கிறார்கள் என்று முடித்துவிட்டார்.

சில நாட்களில் ரஸ்ஸல் போல்ட்ராக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட மூளை ஆய்வாளர்களும் சேர்ந்து அதே பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்த ஒரு விஷயத்தை நான் மறக்கவே மாட்டேன்: மூளைப் பட ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் இன்சுலா தலைகாட்டுகிறது. வலி என்றால் வரும், அருவருப்பு என்றால் வரும், நெஞ்சு படபடத்தால் வரும், ஏதாவது ஒன்று "என்னைக் கவனி" என்று கூப்பிட்டாலே வரும். போன் அடிப்பது அதற்குத்தானே!

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை, அந்த மூன்றில் ஒன்று மட்டும் அவர்களுடையது. நூறு பரிசோதனைகளில் ஐந்து உண்மையாகவே காதல் பற்றியவை என்று வையுங்கள், அந்த ஐந்தில் நான்கில் இன்சுலா வருகிறது என்றும் தாராளமாகக் கொடுத்துவிடுவோம். மீதி தொண்ணூற்றைந்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் முப்பத்திரண்டில் அது வரும். ஆக, இன்சுலா தெரிந்த முப்பத்தாறு பரிசோதனைகளில் காதல் இருந்தது நான்கில், ஒன்பதில் ஒன்று. "காதல் வந்தால் இன்சுலா வரும்" என்பது சரியாக இருந்தும் "இன்சுலா வந்தது, ஆகவே காதல்" என்பது பெரும்பாலும் தப்பாகிறது. மழை பெய்தால் தெரு நனையும்தான், அதற்காகத் தெரு நனைந்திருந்தால் மழை என்று சொல்லிவிட முடியுமா, தண்ணீர் லாரி போயிருக்கலாமே.

போல்ட்ராக் இதே கணக்கை நிஜத் தரவில் 2006-லேயே போட்டிருந்தார். பேச்சுக்கான இடம் என்று பள்ளிப் புத்தகத்திலேயே வரும் ப்ரோக்கா பகுதியை எடுத்துக்கொண்டு, ஒரு பெரிய தரவுத்தளத்தில் எண்ணிப் பார்த்தார். மொழி சம்பந்தப்பட்ட 869 ஒப்பீடுகளில் 166-ல் அந்தப் பகுதி தெரிந்தது. மொழிக்குச் சம்பந்தமில்லாத 2353 ஒப்பீடுகளில் 199-ல் தெரிந்தது. இரண்டாவது எண்ணைத் திரும்பவும் பாருங்கள், மொழியே இல்லாத இடங்களில்தான் அது அதிக தடவை வந்திருக்கிறது. இது மொழிப் பணியா இல்லையா என்று ஐம்பதுக்கு ஐம்பது சந்தேகத்தில் ஆரம்பித்தால், ப்ரோக்கா தெரிந்ததும் நம் நம்பிக்கை 69 சதவீதத்துக்கு ஏறும். ஏதோ கொஞ்சம் தகவல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 69-ஐ வைத்துத் தலைப்புப் போட முடியாது.

உடனே எஃப்.எம்.ஆர்.ஐ மொத்தமும் பொய் என்று இன்னொரு கட்டுரை போட்டுவிடாதீர்கள், அதுவும் நடந்திருக்கிறது. மூளையில் இருக்கும் கட்டியை அறுக்கும் முன் நோயாளியை விரலை மடக்கச் சொல்லி, கையை ஆட்டும் பகுதி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது இன்றும் நடக்கிறது, உபயோகமாகவே இருக்கிறது. அங்கே விரல் அசைகிறது என்பது நமக்கு முன்பே தெரியும், இடத்தை மட்டும்தான் தேடுகிறோம். இடத்தைப் பார்த்துவிட்டு மனசைத் தேடும்போதுதான் சிக்கல்.

அடுத்த முறை அந்தப் படம் உங்கள் மேஜைக்கு வந்தால், முதலில் எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அந்த நிறம் செயல்பாட்டின் அளவு கிடையாது, இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் எவ்வளவு நம்பகமானது என்பதற்கான புள்ளியியல் எண்தான் நிறமாக மாறியிருக்கிறது. ஐபோனைச் சும்மா இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டார்களா, அலாரத்தோடு ஒப்பிட்டார்களா, காதலியின் குரலோடு ஒப்பிட்டார்களா என்பதில் விடையே மாறிவிடும். அந்த எண் எவ்வளவுக்கு மேல் போனால் நிறம் கொடுப்பது என்ற வரம்பை எங்கே வைத்தார்கள் என்பதும் முக்கியம். என் கணினியில் அதற்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தால் மூளை முழுக்க ஹோலிப் பண்டிகை, கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தால் ஒரு புள்ளிகூட மிஞ்சாது. புதிதாக வருகிற மாணவர்களிடம் முதல் நாளே இதை இழுத்துக் காட்டிவிடுவேன், பாதிப் பேர் முகம் விழுந்துவிடும். அப்புறம், ஆய்வாளர்கள் ஒரு மனநிலையின் பெயரைச் சொன்னால், அதை வேறு வழியில் சரிபார்த்தார்களா, அதாவது நடத்தையில் ஏதாவது அளந்தார்களா, இல்லை திட்டு விழுந்த இடத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தார்களா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அந்தப் பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

ஐபோன் கட்டுரைக்கு என்னைத் தலைப்புப் போடச் சொன்னால் "போன் அடித்தபோது பதினாறு பேர் கவனித்தார்கள்" என்று போட்டிருப்பேன். யாரும் படிக்க மாட்டார்கள், தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இதழை இன்னும் காசு கொடுத்து வாங்கும் ஒருவன்