ஜாயின்ட் தடித்தால் மாறுவது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வீட்டுக் கட்டுமானச் செலவுக் கட்டுரையில், உலர் அளவு காண, செங்கல் கட்டில் கல்லுக்குக் கல் விடும் கலவை ஜாயின்ட் 10 மி.மீ. என்றால் ஈரக் கலவையை 1.33 ஆலும், 15 மி.மீ. என்றால் 1.5 ஆலும் பெருக்க வேண்டும் என்று இருந்தது. இது சரியல்ல. உலர்ந்த மணலையும் சிமென்ட்டையும் தண்ணீர் விட்டுக் குழைத்தால், மணலின் இடைவெளிகளில் சிமென்ட் இறங்கிக் கன அளவு சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்துக்கான கணக்குதான் 1.33. மணலையும் கலவை விகிதத்தையும் பொறுத்து அது சற்று மாறலாம். கொத்தனார் வைக்கும் ஜாயின்ட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜாயின்ட் தடித்தால் கூடுவது ஈரக் கலவை. 230×110×70 மி.மீ. செங்கல்லை 10 மி.மீ. ஜாயின்ட்டில் வைத்தால் ஒரு கன மீட்டருக்கு 434 கல். கல்லின் கன அளவு 0.769 போக, மீதி 0.231 கன மீட்டர் கலவை. இதே கல்லை 15 மி.மீ. ஜாயின்ட்டில் வைத்தால் 384 கல்தான் பிடிக்கும், கலவை 0.32 ஆகிவிடும். இரண்டையும் அதே 1.33 ஆல் பெருக்குங்கள்: உலர் அளவு 0.308, 0.425. கலவை 1:6 என்றால் சிமென்ட் 63 கிலோவிலிருந்து 87 கிலோவுக்குப் போகிறது. 10 கன மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய 5 மூட்டை கூடுதல். கல் 500 மிச்சமாவதைப் பார்த்து மகிழ வேண்டாம், தடித்த ஜாயின்ட் சுவரின் பலத்தைக் குறைக்கும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. ஒரு கன மீட்டர் கட்டுக்கான கலவை என்று கையேடுகளில் வரும் 0.30 என்பது பெரும்பாலும் உலர் அளவு. அதை மறுபடி 1.33 ஆல் பெருக்கினால் 0.40 வரும், வாங்கிய சிமென்ட்டில் கால்வாசி மிஞ்சிக் கட்டியாகும்.

மேலே சொன்ன கணக்கு சுவரின் இரு வெளி முகங்களிலும் பாதி ஜாயின்ட்டைச் சேர்த்துக்கொள்கிறது; அங்கே கலவையே கிடையாது. 9 அங்குலச் சுவரில் இதனால் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆனால் பெயர் பதித்த குழியை மேலாக வைத்துக் கட்டும்போது அதுவும் கலவையைக் குடிக்கும். 100×40×10 மி.மீ. குழி என்றால் கன மீட்டருக்குச் சுமார் 17 லிட்டர். கீழே சிந்துவது தனி. ஆக அந்தக் கூடுதலைக் கழிக்காமல் விடுவதே நல்லது.

தளத்தில் சரிபார்க்க டேப் போதும். முதலில் 20 கல்லைத் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளந்தால் 1400 மி.மீ. வர வேண்டும், குறைந்தால் கல்லே சிறியது. பிறகு சுவரில் 10 வரி உயரத்தை அளங்கள். 800 மி.மீ. இருந்தால் ஜாயின்ட் 10, 850 என்றால் 15. கோணல் கல்லாக இருந்தால் கொத்தனார் மட்டம் பிடிக்க கலவையைத் தடிப்பாகத்தான் போடுவார். அப்போது அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, லோடு இறங்கும்போதே கல்லைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர், மதுரை